காலி செய்யச் சொல்லி ஓனர் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்திவிட்டார், எங்கே புகார் கொடுப்பது?

கீழ்த்தளம்_குரோம்பேட்டை

குரோம்பேட்டையில் ஒரு தனி வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், பத்தாவது படிக்கும் மகள், நடக்கச் சிரமப்படும் மாமியார். வாடகை 13,000, அட்வான்ஸ் 80,000. மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் ஜிபேயில் போட்டுவிடுவோம், ஒரு ரூபாய்கூட பாக்கி கிடையாது. 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாத அக்ரிமென்ட் போட்டோம். அது முடிந்தும் ஓனர் புதிதாகப் போடச் சொல்லவில்லை, வாடகையை மட்டும் ஏற்றி வாங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது வீட்டை இடித்துக் கட்ட புரொமோட்டரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்கிறார். மகளின் பொதுத்தேர்வு முடிந்ததும் போய்விடுகிறோம் என்றோம். அதற்கு முடியாது என்றவர், முதலில் மோட்டார் சுவிட்சைப் பெட்டி போட்டுப் பூட்டி, எங்கள் டேங்குக்கு வரும் வால்வையும் மூடினார். மறுநாள் சாயங்காலம் கரண்டும் போய்விட்டது. மாடியில் அவருடைய தம்பி குடும்பம் இருக்கிறது, அங்கே ஃபேன் ஓடுகிறது, துணி துவைக்கிறார்கள். கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் "சாவி கொடுத்தா லைட் தானா வரும்" என்று பதில் அனுப்பினார்.

ஸ்டேஷனுக்குப் போனோம். இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குழந்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கிறாள். நாங்கள் எங்கே போக வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்

முதல் வேலையாக வாடகையை நிறுத்துங்கள் சகோதரி. 80,000 அவரிடம்தானே இருக்கிறது, ஆறு மாதத்துக்குக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் தராதவருக்கு எதற்கு வாடகை? கன்ஸ்யூமர் கோர்ட்டில் ஒரு கேஸ் போட்டால் ஓடி வருவார். கரண்டுக்கு, மீட்டரிலிருந்து எலக்ட்ரீஷியனை வைத்து நேராக ஒரு ஒயர் இழுத்துவிடுங்கள். உங்கள் மீட்டர்தானே, யார் என்ன கேட்க முடியும்?

பழைய ஒயர்மேன்

அந்தக் கடைசி யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள் அம்மா. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மீட்டர் மூடியில் வாரியத்தின் சீல் இருக்கும். அதைத் தொட்டுவிட்டால், நாளைக்கு உங்கள் ஓனரே "குடியிருப்பவர்கள் கரண்ட் திருடுகிறார்கள்" என்று எழுதிக்கொடுப்பார். புகார் கொடுக்கப் போன நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள்.

கரண்ட் எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்று பாருங்கள், யாரிடம் போக வேண்டும் என்பது அதை வைத்துத்தான் தெரியும். மீட்டரில் எண்கள் தெரிகிற சின்னத் திரை ஒளிர்கிறதா? ஒளிர்ந்தால் வாரியத்தின் கரண்ட் மீட்டர் வரை வந்துவிட்டது, அதற்கு அப்புறம் உள்ள மெயின் சுவிட்சிலோ ஃபியூசிலோதான் கை வைத்திருக்கிறார். திரை அணைந்து கிடந்தால் மீட்டருக்கு முன்னால் உள்ள கட்அவுட் ஃபியூசைப் பிடுங்கியிருக்கலாம். அது வாரியத்தின் சொத்து, ஓனரே ஆனாலும் தொடக்கூடாது.

அம்பத்தூர்_எம்

பில் பாக்கியாக இருக்கும். கரண்ட் போனால் முதலில் சர்வீஸ் நம்பரைப் போட்டு ஆன்லைனில் பாருங்கள். எங்கள் வீட்டிலும் கட்டாமல் விட்டு ஃபியூசைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பணம் கட்டியதும் வந்துவிட்டது.

கீழ்த்தளம்_குரோம்பேட்டை

@அம்பத்தூர்_எம் பில் பாக்கி இல்லை சார், போன முறை நாங்களே கட்டினோம், ரசீது இருக்கிறது.

@பழைய ஒயர்மேன் ஐயா, மாடிப்படிக்குக் கீழே போர்டைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு மீட்டர் இருக்கின்றன. இரண்டிலும் திரை எரிகிறது. எங்கள் மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள இரும்பு மெயின் பெட்டியைத் திறந்தால், மாடிக்கான பெட்டியில் இருக்கிற வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை எங்களுடையதில் இல்லை. வெறும் பித்தளைப் பல் மட்டும் தெரிகிறது.

பழைய ஒயர்மேன்

அப்படியானால் ஃபியூஸ் கேரியரைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார். அந்தப் பித்தளையில் மின்சாரம் இருக்கும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இப்போது மின்னகம் 94987 94987 எண்ணுக்கு அழைத்து, உங்கள் சர்வீஸ் நம்பருக்குக் கரண்ட் இல்லை என்று மட்டும் புகார் கொடுங்கள். ஓனர் சண்டையைச் சொல்ல வேண்டாம். புகார் எண் தருவார்கள், குறித்துக்கொள்ளுங்கள். ஒயர்மேன் வந்து டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பார். மீட்டர் வரை சப்ளை சரி, உள்பக்கம் கட்டிடத்தாரின் வேலை, நாங்கள் தொட மாட்டோம் என்பார். அவர் சொல்வது விதிப்படி சரிதான், சண்டை போடாதீர்கள். அந்தப் பதில்தான் உங்களுக்குத் தேவை. வாரியத்தின் பக்கம் கோளாறு இல்லை என்பது அவர்கள் பதிவிலேயே ஏறிவிடும்.

இன்னொன்று. மீட்டர் திரையில் ஓடும் யூனிட் எண்ணைத் தினமும் ஒரே நேரத்தில் போட்டோ எடுங்கள். திரை எரிகிறது, யூனிட் நகரவே இல்லை என்றால், சப்ளை இருந்தும் வீட்டுக்குள் ஒரு பல்புகூட எரியவில்லை என்று அர்த்தம். பக்கத்து மீட்டரையும் அதே படத்தில் சேர்த்து எடுங்கள், அதில் எண் ஏறிக்கொண்டே போகும். "நான் நிறுத்தவே இல்லை, அவர்கள் நாடகமாடுகிறார்கள்" என்று ஓனர் சொன்னால் அந்தப் படங்களே பதில்.

கோர்ட்_வராண்டா

வாடகை வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடைமுறையில் இருப்பது 2017-ம் ஆண்டின் புது வாடகைச் சட்டம். அதன் 20-வது பிரிவு முழுக்க உங்கள் பிரச்சினைக்காகவே எழுதப்பட்டது. வீட்டு உரிமையாளர் தானாகவோ ஆள் வைத்தோ அத்தியாவசிய வசதியை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வாடகைதாரர் ரென்ட் அத்தாரிட்டியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல், உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். விசாரணையை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். ரென்ட் அத்தாரிட்டி என்பவர் நீதிபதி கிடையாது, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த் துறை அதிகாரி. பெரும்பாலும் உங்கள் பகுதிக் கோட்டாட்சியர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். காலி செய்யும் வழக்கு ரென்ட் கோர்ட்டுக்குப் போகும், தண்ணீர் கரண்ட் மனு ரென்ட் அத்தாரிட்டிக்குப் போகும். இடம் மாறிக் கொடுத்தால் மனு திரும்பி வரும், உங்களுக்கு நாள்தான் வீணாகும்.

மனு நீளமாக வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எதை, எப்படி நிறுத்தினார் என்று எழுதுங்கள். மாமியாரின் உடல்நிலை, மகளின் தேர்வு இரண்டையும் ஒவ்வொரு வரியில் சொல்லுங்கள், அவசரம் புரிய வேண்டும். இடைக்கால உத்தரவைத் தனியாகக் கேளுங்கள், மொத்தக் கோரிக்கையோடு கலந்துவிட்டால் அது கண்ணில் படாமல் போகும். லாரித் தண்ணீருக்கும் கேனுக்கும் ஆன செலவை ரசீதோடு இழப்பீடாகக் கேளுங்கள். "சாவி கொடுத்தா லைட் தானா வரும்" என்ற செய்தி தங்கம் மாதிரி. அதை அழிக்காதீர்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள்.

@சேலத்துக்காரன் கோபம் புரிகிறது. ஆனால் வாடகையை நிறுத்தினால் ஓனர் கையில் நாமே ஆயுதம் கொடுத்த மாதிரி. வாடகை பாக்கி என்பது காலி செய்ய வைப்பதற்கு அதே சட்டத்தில் உள்ள ஒரு காரணம். இன்று அந்தக் குடும்பத்தின் பெரிய பலமே பாக்கி இல்லை என்பதுதான். ஓனர் வாங்க மறுத்தால், அனுப்பியதற்கும் மறுத்ததற்கும் சான்று வைத்துக்கொண்டு ரென்ட் அத்தாரிட்டியிடமே கட்டுவதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. கன்ஸ்யூமர் கோர்ட் இதற்குச் சரியான இடம் இல்லை.

நங்கநல்லூர்_தாத்தா

இத்தனை சுற்று எதற்கு? 1960 வாடகைக் கட்டுப்பாடு சட்டத்தில் 17-வது பிரிவு இருக்கிறதே. வாடகைதாரர் அனுபவிக்கும் வசதிகளில் உரிமையாளர் தலையிடக்கூடாது. ரென்ட் கன்ட்ரோலரிடம் மனு போட்டால் போதும். என் அண்ணன் திருவல்லிக்கேணியில் அப்படித்தான் தண்ணீரைத் திரும்ப வாங்கினார்.

கோர்ட்_வராண்டா

நீங்கள் சொல்லும் 17-வது பிரிவு உண்மையிலேயே இருந்தது ஐயா, நல்ல பிரிவு. ஆனால் புதுச் சட்டம் வந்த அன்றே 1960 சட்டம் ரத்தாகிவிட்டது. புதிய மனுவை அந்தச் சட்டத்தில் போட முடியாது.

மாடி_வீட்டம்மா

நான் வீடு வாடகைக்கு விடுபவள், எங்கள் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். எட்டு மாதம் வாடகை தராமல், பில்லும் கட்டாமல் ஒரு குடும்பம் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டது. நான் விதவை, அந்த வாடகைதான் எனக்குச் சாப்பாடு. கோர்ட்டுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தது. அப்படிப்பட்டவருக்கும் நான் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிக் கொடுக்க வேண்டுமா? இந்தச் சகோதரியைச் சொல்லவில்லை, அவர் ஒழுங்காகக் கட்டுகிறார். பொதுவாகக் கேட்கிறேன்.

கோர்ட்_வராண்டா

நீங்கள் பட்டது பெரிய கஷ்டம் அம்மா. ஆனாலும் சட்டத்தின் பதில், ஆமாம், கொடுக்கத்தான் வேண்டும். பாக்கிக்கு 21-வது பிரிவில் ரென்ட் கோர்ட்டில் மனு போடலாம், காலி செய்யும் உத்தரவும் பாக்கிப் பணமும் அங்கே கேட்கலாம். தண்ணீரை நிறுத்தினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் எதிர்மனுதாரராக நிற்பது நீங்களாகிவிடுவீர்கள். கோர்ட் தாமதமாகிறது என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை.

மாடி_வீட்டம்மா

மாதக்கணக்கில் தாமதமாகும் நியாயத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டு, மோட்டாரைப் போடு என்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் பத்தாவது படிக்கிற பெண்ணை இருட்டில் உட்கார வைத்தது பாவம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கோவை_கடைக்காரர்

என் கதை கொஞ்சம் வேறு. கடை. ஓனர் ஃபியூசைப் பிடுங்கவில்லை, நேராக வாரிய அலுவலகத்துக்குப் போய் "இந்த இணைப்பு எனக்கு வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்துவிட்டார். ஒரு காலையில் ஆட்கள் வந்து மீட்டரையே கழற்றிக்கொண்டு போனார்கள். இணைப்பு அவர் பெயரில், நான் கத்தி என்ன பிரயோஜனம்? ஃபிரிட்ஜில் இருந்த பால், ஐஸ்கிரீம் எல்லாம் போனது. குரோம்பேட்டை சகோதரிக்கும் இது நடக்கலாம், எச்சரிக்கையாக இருங்கள்.

பழைய ஒயர்மேன்

நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அம்மா, உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு இன்றே ஒரு கடிதம் கொடுங்கள். இந்த சர்வீஸ் நம்பர் உள்ள வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம், உரிமையாளர் இணைப்பைத் துண்டிக்கக் கேட்டால் எங்களை விசாரிக்காமல் செய்ய வேண்டாம் என்று எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். அவர் கேட்டே ஆக வேண்டும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் கடிதம் கோப்பில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட யோசிப்பார்கள்.

மீட்டரையே எடுத்துவிட்டால் உங்கள் பெயரில் புது இணைப்பு கேட்கலாம். தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பில் 27(4) இதற்கு வழி செய்கிறது. உரிமையாளர் சம்மதக் கடிதம் தர மறுத்தால், நீங்கள் சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரம் காட்டி, ஆறாம் படிவத்தில் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வைப்புத்தொகையை இரண்டு மடங்கு கட்ட வேண்டும். கவுன்டரில் இருப்பவர் "ஓனர் கடிதம் இல்லாமல் முடியாது" என்று அடித்துச் சொல்வார். அந்த விதியை அச்சடித்துக் கையில் கொண்டுபோங்கள்.

கோர்ட்_வராண்டா

கூடவே ஒரு தீர்ப்பு. திலீப் எதிர் சதீஷ் என்ற வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்க முடியாது, விண்ணப்பிப்பவர் அந்த இடத்தில் குடியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும் என்று சொன்னது. மகாராஷ்டிராவில் இருந்து போன வழக்கு, ஆனாலும் இங்கேயும் செல்லும்.

கோவை நண்பரே, 20-வது பிரிவு கடைக்கும் பொருந்தும்.

சேலத்துக்காரன்

வாடகை பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் போலீஸ் விஷயத்தை விடக்கூடாது. குடிநீரை நிறுத்துவது கிரிமினல் குற்றம் என்று படித்திருக்கிறேனே?

கோர்ட்_வராண்டா

பாதி சரி. பாரதிய நியாய சன்ஹிதாவில் 326(அ), பழைய ஐ.பி.சி. 430. மனிதர்கள் குடிக்கும் தண்ணீரின் அளவைக் குறைக்கும்படி சேதம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. குழாயை உடைத்தால் தெளிவாகப் பொருந்தும். சொந்த வீட்டு வால்வை மூடியது "சேதம்" ஆகுமா என்பதில் வாதம் உண்டு. என் சீனியர் ஆகும் என்பார், எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

இருந்தாலும் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். "வாடகைத் தகராறு" என்ற வார்த்தையே வேண்டாம். முதியவர் இருக்கும் வீட்டில் குடிநீர் நிறுத்தப்பட்டது, மிரட்டல் செய்தி வந்திருக்கிறது என்று ஆரம்பியுங்கள். ஸ்டேஷனில் இருந்து ஓனருக்கு ஒரு போன் போனாலே வால்வு திறந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு முக்கியமான விஷயம், வீட்டை மொத்தமாகப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மாமியாரையும் மகளையும் அனுப்பினாலும் ஒருவராவது ராத்திரி தங்குங்கள். கரண்டை நிறுத்துபவர் எதிர்பார்ப்பதே அதைத்தான். நீங்கள் இல்லாத நேரத்தில் வேறு பூட்டுத் தொங்கினால், குறிப்பான நிவாரணச் சட்டம் 6-வது பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உள்ளே வர வேண்டியிருக்கும்.

கீழ்த்தளம்_குரோம்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் உறுத்துகிறது. புதுச் சட்டப்படி அக்ரிமென்டைப் பதிவு செய்ய வேண்டுமாமே? எங்களுடையது பதிவாகவில்லை, காலாவதியும் ஆகிவிட்டது. மனு கொடுக்கப் போனால் எங்களையே திருப்பிக் கேட்பார்களோ?

பல்லாவரம்_கணக்கர்

கேட்பார்கள். tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்து எண் வாங்காத அக்ரிமென்ட் இருந்தும் பிரயோஜனம் இல்லை. என் மைத்துனர் மனுவை அந்த எண் இல்லை என்றே கவுன்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கோர்ட்_வராண்டா

பதிவு செய்ய வேண்டும் என்பது சரி, 4-வது பிரிவு. பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக எடுக்க முடியாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் போடாததைக் காரணம் காட்டி ஓனர் காலி செய்யும் மனுவும் போடலாம், அந்த ஆபத்தை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு அவர் ரென்ட் கோர்ட்டுக்குப் போக வேண்டும், ஃபியூசைப் பிடுங்கும் உரிமை அதனால் வந்துவிடாது.

என் வாதம் இதுதான்: நீங்கள் அந்தப் பத்திரத்தின் ஷரத்து எதையும் நிரூபிக்கப் போகவில்லை. குடியிருக்கிறோம், வாடகை வாங்கியிருக்கிறார், வசதியை நிறுத்தினார் என்ற மூன்றைத்தான் காட்டுகிறீர்கள். ஜிபே பதிவுகளும் அவருடைய வாட்ஸ்அப்பும் அதற்குப் போதும். நான் போட்ட மனுக்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பல்லாவரம் நண்பர் சொல்வதுபோல் திருப்பிய இடங்களும் உண்டு. திருப்பினால் வாய்மொழியாக விடாமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். எழுத்தில் மறுப்பு இருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போவது எளிது.

பல்லாவரம்_கணக்கர்

வாதம் நன்றாக இருக்கிறது சார், ஆனால் உயர் நீதிமன்றத்துக்குப் போக எத்தனை வாடகைக் குடும்பத்துக்கு வசதி இருக்கிறது?

கீழ்த்தளம்_குரோம்பேட்டை

இப்போதைய நிலை. மின்னகத்தில் புகார் கொடுத்தோம், ஒயர்மேன் வந்து பார்த்து மீட்டர் வரை சரி என்று சொல்லிவிட்டுப் போனார். மீட்டர் படங்கள், வாட்ஸ்அப், ஜிபே எல்லாம் வைத்து மனு கொடுத்தோம். முதலில் பதிவு எண்ணைக் கேட்டார்கள், மறுப்பை எழுத்தில் தாருங்கள் என்றதும் உள்ளே போய்க் கேட்டு வந்து வாங்கிக்கொண்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அன்று காலையிலேயே ஓனர் வால்வைத் திறந்து வைத்திருந்தார், குழாயில் தண்ணீர் கொட்டியது. ஆனால் ஃபியூஸ் கட்டையை மாட்ட மறந்துவிட்டார். அலுவலர் இரண்டு மீட்டரையும் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டார். பின்பு இடைக்கால உத்தரவு வந்தது, இப்போது லைட் எரிகிறது.

விசாரணைக்கு ஓனர் தம்பியோடு வந்தார். தேர்வு முடிந்து மே கடைசிக்குள் காலி செய்வதாக நாங்கள் எழுதிக்கொடுக்கத் தயார் என்றோம், அட்வான்ஸை சாவி கொடுக்கும் அன்றே தர வேண்டும் என்று கேட்டோம். புரொமோட்டர் பணம் வந்தால்தான் தர முடியும் என்கிறார். இன்னும் முடிவாகவில்லை.

கோர்ட்_வராண்டா

அட்வான்ஸ் விஷயத்தில் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். காலி செய்யும் தேதியும் பணம் தரும் தேதியும் ஒரே தாளில், இருவர் கையெழுத்தோடு, அதிகாரி முன்னாலேயே பதிவாக வேண்டும். அதுவரை மீட்டரைப் படம் எடுப்பதை நிறுத்தாதீர்கள். உத்தரவு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மறுபடி பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் புது மனு தேவையில்லை, பழைய மனு எண்ணைப் போட்டு உத்தரவை மீறினார் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.

மாடி_வீட்டம்மா

பாப்பா நன்றாக எழுதட்டும். மடிப்பாக்கத்தில் என் தங்கையின் வீட்டுக் கீழ்த்தளம் ஜூனில் காலியாகிறது. மாமியாருக்குப் படி ஏற வேண்டியதில்லை. வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், அக்ரிமென்டைப் பதிவு செய்தே தரச் சொல்கிறேன்.